தொழுகைக்கு முன் ஒரு கதவு தட்டப்பட வேண்டும்

நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் உறங்குவோர் குறைவு. பிறை தெரிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும், முற்றத்தில் அடுக்கி வைத்த அரிசிச் சிப்பங்களைச் சுற்றி இளைஞர்கள் கூடிவிடுவார்கள். ஒருவர் தராசில் அளப்பார், ஒருவர் பையைக் கட்டுவார், இன்னொருவர் தெருவாரியாக எழுதிய பட்டியலை டார்ச் வெளிச்சத்தில் வாசிப்பார். நள்ளிரவுக்குப் பிறகும் சைக்கிளிலும் டி.வி.எஸ். வண்டியிலும் பைகள் போய்க்கொண்டிருக்கும். விடிந்து சில மணி நேரத்தில் பெருநாள் தொழுகை. அதற்குள் கடைசிப் பையும் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அந்த அரிசியின் பெயர் ஃபித்ரா. நூல்கள் இதை ஜகாத்துல் ஃபித்ர் என்றும் சதக்கத்துல் ஃபித்ர் என்றும் சொல்கின்றன. ஜகாத் என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஓராண்டு கையில் தங்கிய பொருளில் இரண்டரை சதவீதத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது அது. ஃபித்ராவின் கணக்கு வேறு. ஜகாத் பொருளை எண்ணுகிறது, ஃபித்ரா ஆளை எண்ணுகிறது. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பங்கு. பால் குடிக்கும் குழந்தைக்கும் உண்டு. நோயால் ஒரு நோன்பும் வைக்க முடியாத பாட்டிக்கும் உண்டு.

நோன்பு கடமையான ஹிஜ்ரி 2ஆம் ஆண்டிலேயே இதுவும் கடமையானது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறார். நோன்பு நாட்களில் வாய் தவறி வந்த வீண்பேச்சுக்கும் கெட்ட பேச்சுக்கும் இது ஒரு கழுவல் என்பது முதல் காரணம். ஏழைக்கு உணவு என்பது இரண்டாவது. அதே அறிவிப்பில் ஒரு நிபந்தனையும் வருகிறது. தொழுகைக்கு முன் கொடுத்தால் அது ஏற்கப்பட்ட ஜகாத். தொழுகைக்குப் பின் கொடுத்தால் மற்ற தர்மங்களைப் போல அதுவும் ஒரு தர்மம்.

ஃபித்ராவைப் புரிந்துகொள்ள அந்த நிபந்தனைதான் சாவி. எவ்வளவு, யார் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விகள் எல்லாம் அந்த ஒரு காலையை நோக்கித்தான் நகர்கின்றன.

ஒரு ஸாவு எவ்வளவு?

பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாவு அல்லது வாற்கோதுமையில் ஒரு ஸாவு என்று நபிகள் நாயகம் அளவு விதித்ததாக இப்னு உமர் அறிவிக்கிறார். ஸாவு என்பது எடை அல்ல, படியைப் போல ஒரு முகத்தலளவை. நான்கு ‘முத்து’ சேர்ந்தது ஒரு ஸாவு. நடுத்தரமான ஆண் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்வது ஒரு முத்து.

சிறுவயதில் வாப்பா இப்படித்தான் அளப்பார். அரிசிப் பானைக்கு முன் அமர்ந்து, பிஸ்மி சொல்லி, இரு கையாலும் நான்கு முறை அள்ளி முறத்தில் போடுவார். அது ஒரு ஆளுக்கு. பிறகு ஐந்தாவதாக ஒரு பிடி. “கை சின்னதாப் போயிருந்தா என்ன செய்ய? அதுக்குத்தான் இது” என்பார். அந்த ஐந்தாவது பிடியின் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. முகத்தலளவையைக் கிலோவாக மாற்றும் எவருக்கும் வரும் சிக்கலுக்கு வாப்பா தன் வழியில் கண்ட தீர்வு அது.

ஒரே பாத்திரத்தில் கோதுமையை நிரப்பினால் ஒரு எடை, அரிசியை நிரப்பினால் வேறு எடை, பேரீச்சம்பழத்தை நிரப்பினால் இன்னொன்று. அரிசியிலேயே ரகத்துக்கு ரகம் மாறும். அதனால்தான் ஆலிம்கள் சொல்லும் கிலோக் கணக்கு ஒன்றாக இருப்பதில்லை. சவூதி அரேபியாவின் புகழ்பெற்ற அறிஞர் இப்னு உஸைமீன் நல்ல கோதுமையில் ஒரு ஸாவு 2 கிலோ 40 கிராம் என்று கணக்கிட்டார். அதே நாட்டின் இப்னு பாஸ், பேணுதலுக்காகச் சுமார் 3 கிலோ என்றார். நம் பகுதியில் அரிசிக்கு இரண்டரை கிலோ என்று பல ஜமாஅத்துகள் அறிவிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குறைந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அந்தக் கணக்கில் இருக்கிறது. வாப்பாவின் ஐந்தாவது பிடியும் அதற்குத்தான்.

ஸாவு பற்றிய கருத்து வேறுபாடு பழையது. இராக்கில் ஒரு ஸாவு என்பது 8 ராத்தல். மதீனாவிலோ 5 ராத்தலும் மூன்றில் ஒரு பங்கும். (நம் முன்னோர் இறைச்சியும் சீனியும் வாங்கிய அதே ராத்தல்தான், அந்தச் சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது.) இமாம் அபூ ஹனீஃபாவின் முதன்மை மாணவரான அபூ யூசுஃப், மதீனாவுக்குச் சென்றபோது இது பற்றி விசாரித்தார். மறுநாள் காலை அந்த ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு ஸாவுப் பாத்திரத்தை மேலாடைக்குள் மறைத்து எடுத்து வந்தார்கள். இது என் தந்தை நபிகளாரிடம் ஃபித்ரா கொடுக்க அளந்த பாத்திரம், இது என் தாய் அளந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அபூ யூசுஃப் அளந்து பார்த்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. தன் ஆசிரியரின் கருத்தை விட்டுவிட்டு மதீனாவின் அளவை ஏற்றுக்கொண்டார் என்று நூல்கள் சொல்கின்றன. அடுக்களையில் இருந்த பாத்திரங்கள் ஒரு பெரும் சட்ட அறிஞரின் முடிவை மாற்றின.

ஆனாலும் ஹனஃபி மத்ஹபில் அபூ ஹனீஃபாவின் 8 ராத்தல் கணக்கே நிலைத்தது. அதனால் அவர்களுடைய ஸாவு பெரிது, ஏறக்குறைய மூன்றேகால் கிலோ. ஆனால் கோதுமையாகக் கொடுத்தால் அவர்களிடம் அரை ஸாவு போதும், அதாவது சுமார் 1 கிலோ 600 கிராம்.

அந்த அரைக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. ஆட்சியாளராக இருந்த முஆவியா மதீனா வந்தபோது, சிரியாவின் கோதுமையில் இரண்டு முத்து, பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாவுக்குச் சமம் என்று மேடையில் சொன்னார். அன்று கோதுமை அங்கே விலை உயர்ந்த தானியம். மக்கள் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். நபித்தோழர் அபூ ஸயீத் அல்குத்ரீ மட்டும், நபிகளார் காலத்தில் எப்படி முழு ஸாவு கொடுத்தேனோ அப்படியே வாழ்நாள் முழுக்கக் கொடுப்பேன் என்று நின்றுவிட்டார். ஷாஃபி மத்ஹப் அவர் வழியில் எந்தத் தானியமானாலும் முழு ஸாவு என்கிறது. அரைக் கோதுமைக்கு வேறு அறிவிப்புகளையும் ஹனஃபி அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

இன்று கடையில் விலையைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: கோதுமை கிலோ 40 ரூபாய், உலர் திராட்சை கிலோ 300 ரூபாய். கோதுமைக் கணக்கில் ஒரு ஆளுக்கு ஃபித்ரா 64 ரூபாய். முழு ஸாவு திராட்சைக் கணக்கில் 975 ரூபாய். இரண்டும் ஒரே கடமையின் அளவுதான். விலை உயர்ந்தது என்று பாதியாக்கப்பட்ட பொருள் இன்று எல்லாவற்றிலும் மலிவானது. அதனால்தான் ஹனஃபி பள்ளிவாசல்கள் பலவற்றின் அறிவிப்புப் பலகையில் கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், திராட்சை என்று நான்கு தொகைகள் எழுதப்படுகின்றன. முதல் தொகை குறைந்தபட்சம். வசதி உள்ளவர் கண்ணைக் கீழே இறக்கி மற்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

அரிசியா, பணமா?

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் ஷாஃபிகள். உள்நாட்டில் ராவுத்தர்களும் உருது பேசுபவர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். ஒரு ஊரில் அரிசிப் பையும் பக்கத்து ஊரில் பண உறையும் கைமாறுவது இதனால்தான்.

ஷாஃபி சட்டப்படி, அந்த ஊரில் பெரும்பாலோர் உண்ணும் தானியத்தையே கொடுக்க வேண்டும். நம் ஊரில் அது அரிசி. பணம் செல்லாது. மாவும் செல்லாது, சமைத்த சோறும் செல்லாது. பெருநாளன்று பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியம்தான், ஆனால் ஃபித்ரா ஆகாது. வண்டு விழுந்த அரிசி, மக்கிய வாடை அடிக்கும் அரிசி ஆகியவையும் கூடாது. ஹனஃபிகளிடம் பொருளின் விலையைப் பணமாகக் கொடுக்கலாம். பெருநாளுக்கு ஒரு வீட்டுக்கு அரிசி மட்டுமா தேவை? எண்ணெய் வேண்டும், பிள்ளைக்குச் சட்டை வேண்டும். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் ஆளுக்கு அரை திர்ஹம் வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதியதும் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுகிறது.

அரிசியாகக் கொடுக்கும் ஊர்களில் ஒரு கோளாறு நடக்கும். பத்து வீட்டிலிருந்து ஒரே விதவையின் வீட்டுக்குப் பை போகும். எண்பது கிலோ அரிசியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கடைக்காரரிடம் பாதி விலைக்குப் போடுவார். அதே அரிசியைக் கடைக்காரர் அடுத்த வீட்டுக்கு ஃபித்ராவாக முழு விலைக்கு விற்பார். அடுத்த தெருவில் இன்னொரு விதவைக்கு ஒரு பையும் வந்திருக்காது. இந்தக் கோளாறு அரிசியால் வருவதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுப்பதால் வருகிறது. ஜமாஅத் ஒரே பட்டியலில் பிரித்தால் இது நிற்கும்.

சூரியன் மறையும் நேரம்

யாருக்காகக் கொடுப்பது என்பது ஒரு குறிப்பிட்ட நொடியில் தீர்மானமாகிறது. ஷாஃபிகளிடம் அது ரமலானின் கடைசி நாள் சூரியன் மறையும் நேரம். ஹனஃபிகளிடம் பெருநாள் வைகறை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், கணவனின் வயதான உம்மா. மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. கடைசி நோன்பின் மாலை ஆறரைக்குச் சூரியன் மறைகிறது. இரவு ஒன்பது மணிக்கு மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது.

ஷாஃபி கணக்கில் சூரியன் மறைந்தபோது அந்த வீட்டில் ஐந்து பேர். குழந்தை பிறகு வந்ததால் அதற்கு ஃபித்ரா இல்லை. ஐந்து பேருக்கும், தன் ஆதரவில் வாழும் உம்மாவுக்கும் சேர்த்துத்தான், கணவனே கொடுக்க வேண்டும். ஐந்து முறை இரண்டரை, பன்னிரண்டரை கிலோ. 26 கிலோ சிப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மனைவியின் ஃபித்ராவும் கணவன் பொறுப்பு.

ஹனஃபி கணக்கில் வைகறையில் அந்தக் குழந்தை உலகத்தில் இருக்கிறது. எனவே அதற்கும் உண்டு. கணவன் தனக்காகவும் மூன்று பிள்ளைகளுக்காகவும் கொடுக்கக் கடமைப்பட்டவன். மனைவியும் உம்மாவும் வசதி உள்ளவர்கள் என்றால் அது அவர்களுடைய சொந்தக் கடமை. வழக்கமாகக் கணவனே அவர்கள் சார்பிலும் கொடுத்துவிடுகிறான்.

அதே இரவு பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் மூன்று மணிக்கு இறந்துபோகிறார் என்றால் கணக்கு திரும்புகிறது. சூரியன் மறைந்தபோது அவர் இருந்தார், எனவே ஷாஃபிகளிடம் அவருக்காகக் கொடுக்க வேண்டும். வைகறையில் அவர் இல்லை, எனவே ஹனஃபிகளிடம் இல்லை.

கொடுப்பவருக்கு எவ்வளவு வசதி வேண்டும் என்பதிலும் இரு மத்ஹபும் பிரிகின்றன. ஹனஃபிகளிடம், அடிப்படைத் தேவை போகச் சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டும். ஷாஃபிகளிடம் வாசல் மிகத் தாழ்வு. பெருநாள் பகலுக்கும் அன்றிரவுக்கும் தன் வீட்டார் உண்ண இருப்பது போக மிச்சம் இருந்தால் போதும், கொடுக்க வேண்டும். அதனால் ஒரு காட்சியை எங்கள் ஊரில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மாலையில் மூன்று வீட்டு ஃபித்ராவைப் பெற்றுக்கொண்ட மீன் விற்கும் மாமி, அதிலிருந்து தன் வீட்டு நான்கு பேருக்கு அளந்து அடுத்த வீட்டுக்கு அனுப்புவார். வாங்கிய கை அன்றே கொடுத்த கையாகவும் ஆகிறது. அந்த முகத்தில் அப்போது தெரியும் நிமிர்வை நான் வேறெங்கும் கண்டதில்லை.

யாருக்கு?

குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியானவர்களை எட்டு வகையாகச் சொல்கிறது. பரம ஏழைகள், வருமானம் போதாதவர்கள், கடனில் மூழ்கியவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோர் அதில் வருவார்கள். ஃபித்ராவும் இவர்களுக்கே என்கிறது ஷாஃபி மத்ஹப். நடைமுறையில் முதல் இரண்டு வகையும் கடனாளிகளுமே அதிகம். ஃபித்ரா ஏழையின் உணவுக்கானது, எனவே ஏழைக்குத்தான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

தாய் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் கொடுக்க முடியாது. அவர்களுக்குச் சோறு போடுவது ஏற்கெனவே நம் கடமை. கஷ்டப்படும் உடன்பிறந்தவருக்கு, சித்தப்பா வீட்டுக்கு, மாமி மகளுக்குக் கொடுக்கலாம். பள்ளிவாசல் கட்டடத்துக்கோ வண்ணம் பூசவோ கொடுத்தால் ஃபித்ரா நிறைவேறாது. ஒரு மனிதரின் கையில் அது அவர் சொத்தாகப் போய்ச் சேர வேண்டும்.

பை எங்கே நிற்கிறது?

நேரத்துக்கு வருவோம். ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் ரமலான் தொடங்கியதிலிருந்தே முன்கூட்டிக் கொடுக்கலாம். இப்னு உமர் பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்பே கொடுத்துவிடுவார். மிகச் சிறந்த நேரம் பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்படும் முன். ஷாஃபிகளிடம் தொழுகையைத் தாண்டினால் வெறுக்கத்தக்கது. பெருநாள் சூரியன் மறைவதைத் தாண்டிக் காரணமில்லாமல் தள்ளிப்போட்டால் பாவம். ஆனால் எவ்வளவு தாமதமானாலும் கடன் தீர்ந்துவிடாது, கொடுத்தே ஆக வேண்டும்.

இங்கேதான் பலர் அறியாமல் தவறுகிறார்கள். ஜமாஅத்திடம் அரிசியையோ பணத்தையோ ஒப்படைத்து ரசீது வாங்கியவுடன் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஊர் ஜமாஅத் நம் சார்பில் கொண்டுபோய்க் கொடுக்கும் பிரதிநிதி என்றால், பை பள்ளிவாசல் அறையில் இருக்கும்வரை அது இன்னும் நம் கையில் இருப்பதாகவே பொருள். ஒரு முறை எங்கள் பக்கத்தில் ஒரு கமிட்டி, பெருநாள் முடிந்து நான்காம் நாள் வரை இருபது மூட்டைகளை அடுக்கியே வைத்திருந்தது. பட்டியல் போட ஆள் இல்லையாம். ரசீது எல்லோரிடமும் இருந்தது. ஃபித்ரா யாருக்கும் போகவில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளால் இன்னொரு சிக்கல். துபாயில் பல ஆண்டுகளில் நமக்கு ஒரு நாள் முன்பே பெருநாள் வந்துவிடுகிறது. அங்கே இருக்கும் தம்பி தன் ஃபித்ராவுக்கான பணத்தைப் பெருநாளன்று மதியம் அனுப்பி, “நம்ம ஊரு பெருநாளைக்குக் கொடுத்துடு காக்கா” என்கிறான். நம் ஊரில் நேரம் இருக்கிறது. அவனுக்கோ தொழுகை முடிந்துவிட்டது. மறுநாள் காலை அது கைமாறும்போது அவன் பெருநாளே போயிருக்கும். ஷாஃபி கருத்தின்படி ஃபித்ரா ஒருவர் இருக்கும் இடத்து ஏழைகளின் உரிமை, எனவே அங்கேயே கொடுப்பது நேர்வழி. ஊருக்கே அனுப்பலாம் என்ற கருத்தைப் பின்பற்றுபவர்கள் ரமலான் இருபதைத் தாண்டியதும் அனுப்பிவிட்டால் தட்டாது. வாங்குபவருக்கு அரிசி வாங்க, அளக்க, கொண்டுபோக நேரம் வேண்டும்.

சரியாக நடக்கும் ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். ரமலான் பாதியிலேயே தெருவுக்கு இருவர் போய்ப் பட்டியல் எடுக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், சம்பாதிப்பவர் உண்டா, கடன் உண்டா என்று அக்கம்பக்கத்தில் மெதுவாக விசாரிக்கிறார்கள். கேட்கக் கூச்சப்படும் வீடுகளை வயதான பெண்கள்தான் சொல்வார்கள். இருபத்தைந்தாம் நோன்புக்குள் வசூல். இருபத்தேழு, இருபத்தெட்டில் விநியோகம் தொடக்கம். பிறை இரவு, கடைசி நேரத்தில் வருவதற்கு மட்டும்.

வசூலித்து வைத்துப் பிறகு பிரிக்கும் இந்த முறை புதிதல்ல. நபிகளார் காலத்திலேயே ரமலானின் ஜகாத் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டது. அதற்குக் காவல் இருந்தவர் அபூ ஹுரைரா. மூன்று இரவுகள் அந்தத் தானியத்தை அள்ள ஒருவன் வந்த கதை ஹதீஸ் நூல்களில் புகழ்பெற்றது. வந்தவன் ஷைத்தான் என்று நபிகளார் சொன்னதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பெருநாளுக்குச் சில நாள் முன்பே தானியம் வந்து சேர்ந்திருந்தது, அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் தூங்காமல் இருந்தார் என்பதும் அந்தக் கதையில் இருக்கிறது.

இரண்டு பெருநாள் தொழுகைகளின் நேரத்திலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைச் சீக்கிரம் தொழுவது விரும்பத்தக்கது. குர்பானி கொடுக்க நேரம் வேண்டும். நோன்புப் பெருநாள் தொழுகையைச் சற்றுத் தாமதிப்பது விரும்பத்தக்கது. ஃபித்ரா கொடுக்க நேரம் வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஹஜ்ரத் அதை அப்படியே கடைப்பிடிப்பார். புத்தாடையும் அத்தரும் தக்பீர் முழக்கமுமாகச் சபை நிறைந்திருக்கும். வரிசைகள் நேராகிவிடும். அவர் மிஹ்ராபில் நின்று, திரும்பி, “ஃபித்ரா பாக்கி யாருக்காவது இருக்கா?” என்று கேட்பார். போன பெருநாளில் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். ஊருக்கு வந்த இடத்தில் மறந்துவிட்டானாம். ஹஜ்ரத் தலையசைத்தார். பையன் முற்றத்தில் மிச்சமிருந்த சிப்பத்திலிருந்து இரண்டரை கிலோவுக்குப் பணம் கொடுத்து வாங்கி, பட்டியலில் விடுபட்டிருந்த கிழக்குத் தெரு வீட்டுக்கு ஓடினான். நானூறு பேர் தக்பீர் சொல்லியபடி காத்திருந்தோம். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்து வரிசையில் சேர்ந்த பிறகுதான் தொழுகை தொடங்கியது.